ஒரு கும்பாபிஷேகம், மூன்று வாசகங்கள்

"எங்கள் ஊர் வடக்குத் தெரு முத்துமாரியம்மன் கோயிலுக்கு 2026 பிப்ரவரி 8, ஞாயிற்றுக்கிழமை கும்பாபிஷேகம். சிவாச்சாரியார் நிகழ்ச்சி நிரல் எழுதிக் கொடுத்துவிட்டார். அதை வைத்து நோட்டீஸ் அடிக்க வேண்டும், ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும், ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்ல வேண்டும். ஒரே வாசகத்தை மூன்றுக்கும் வைத்துக்கொண்டால் என்ன? எதை எங்கே மாற்ற வேண்டும்?"

சிவாச்சாரியார் கொடுத்த தாளில் தலையாய வரி அநேகமாக இப்படி இருக்கும்: "நிகழும் மங்களகரமான விசுவாவசு வருடம் தை மாதம் 25ஆம் நாள் (8.2.2026) ஞாயிற்றுக்கிழமை, கிருஷ்ணபட்ச சப்தமி திதியும் சுவாதி நட்சத்திரமும் கூடிய சுபதினத்தில், காலை 9.15 மணிக்கு மேல் 10.00 மணிக்குள் மீன லக்னத்தில் மகா கும்பாபிஷேகம் நடைபெறும்."

இந்த வரியில் தப்பே கிடையாது. ஆனால் இதை அப்படியே மூன்று இடத்திலும் போட்டால், பத்து மணிக்குக் குடும்பத்தோடு வந்து இறங்கி "முடிஞ்சிருச்சா?" என்று கேட்பவர்கள் கட்டாயம் இருப்பார்கள். "9.15க்கு மேல் 10க்குள்" என்பது கலசத்தில் தீர்த்தம் விழ வேண்டிய நேரம். அது சிவாச்சாரியாருக்கான நேரம். ஊர்க்காரர்கள் கோயிலுக்கு வந்து நிற்க வேண்டிய நேரம் வேறு. அது அந்தத் தாளில் எங்கும் எழுதப்பட்டிருக்காது. 2025 ஜூலை 7 அன்று திருச்செந்தூர் குடமுழுக்குக்கு 6.15 முதல் 6.50 வரை என்று முகூர்த்தம் குறித்திருந்தார்கள். மொத்தமே 35 நிமிடம். அதை வந்து சேரும் நேரமாக எடுத்துக்கொண்டவருக்கு என்ன கிடைத்திருக்கும்? உங்கள் ஊரில் கூட்டம் சின்னதாக இருக்கலாம், கணக்கு அதேதான்.

அதனால் முதலில் ஒரு மூலத்தாள் எழுதிக்கொள்ளுங்கள். இது யாருக்கும் கொடுக்கிற தாள் அல்ல, விழாக் குழு மட்டும் வைத்துக்கொள்வது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் நேராக மூன்று விஷயம் எழுதுங்கள்: சிவாச்சாரியார் சொன்ன நேரம், ஜனங்கள் வர வேண்டிய நேரம், வருகிறவர் கையோடு எதையாவது கொண்டு வர வேண்டுமா என்பது. வெள்ளிக்கிழமை காலை தீர்த்தக்குட ஊர்வலம் என்றால் பெண்கள் எந்த இடத்தில் கூட வேண்டும், குடம் அவரவர் கொண்டு வருவதா, கோயிலிலேயே தருவார்களா என்பதெல்லாம் இங்கேதான் முடிவாக வேண்டும். இதை முடிவு செய்யாமல் டிடிபி கடைக்குப் போனால், கடைக்காரர் போன வருஷம் வேறு கோயிலுக்கு அடித்த நோட்டீஸை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றித் தருவார். அந்தக் கோயிலின் நேரமும் கூடவே வந்துவிடும்.

மூலத்தாளில் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய இடம் சனிக்கிழமை இரவு. அஷ்டபந்தன மருந்து சாற்றுவது சில சமயம் நள்ளிரவு தாண்டியும் நடக்கும். பஞ்சாங்கப்படி சூரியன் உதித்தால்தான் மறுநாள், ஆகவே அப்படி நடந்தால் சிவாச்சாரியார் "தை 24 சனிக்கிழமை இரவு 1 மணிக்கு மேல்" என்று எழுதியிருப்பார். ஆங்கிலத் தேதிக்கு அது 8ஆம் தேதி ஞாயிறு. நோட்டீஸ் எழுதுகிறவர் தை 24க்கு நேரான 7.2.2026ஐ மட்டும் போட்டுவிட்டால், 7ஆம் தேதி இரவு 1 மணி என்பதை வெள்ளிக்கிழமை இரவு என்று நினைத்துக்கொண்டு ஒரு நாள் முன்னதாகவே வந்து நிற்கிறவர்கள் உண்டு. இதற்கு நம் வழக்கில் நல்ல தீர்வு ஏற்கெனவே இருக்கிறது: "சனிக்கிழமை இரவு, விடிந்தால் ஞாயிறு". இந்த ஒரு தொடரை நோட்டீஸிலும் வாட்ஸ்அப்பிலும் வையுங்கள். யாருக்கும் சந்தேகம் வராது.

இனி நோட்டீஸ். நீங்கள் கேட்டதில் மிகவும் சுலபமானது இதுதான், சண்டை வருவதும் இதில்தான். நோட்டீஸ் வெறும் தகவல் தாள் அல்ல. பூஜை அறையில் வைப்பார்கள், வெளியூரில் இருக்கிற மகளுக்கு அனுப்புவார்கள், பத்து வருஷம் கழித்து "அன்றைக்கு விமானம் உபயம் யார்?" என்று எடுத்துப் பார்ப்பார்கள். அதனால் பஞ்சாங்க வரி முழுதாக இருக்க வேண்டிய இடம் இது. பிள்ளையார் சுழி, அம்மன் படம், அனுக்ஞை, விக்னேஸ்வர பூஜை, வாஸ்து சாந்தி, பிரவேச பலி, அங்குரார்ப்பணம், ரக்ஷாபந்தனம் என்று சிவாச்சாரியார் எழுதிய சடங்குப் பெயர்கள், உபயதாரர் பட்டியல், மேளம், பந்தல் எல்லாம் இங்கே வரலாம். எதையும் சுருக்க வேண்டாம். சிவாச்சாரியார் எழுதிய பெயரை நம் வசதிக்கு மாற்றவும் வேண்டாம்.

ஆனால் ஒரு சேர்க்கை வேண்டும். நிகழ்ச்சி நிரல் பெட்டிக்கு அடியில், கொஞ்சம் பெரிய எழுத்தில் இரண்டு வரி: "பக்தர்கள் ஞாயிறு காலை 8.30 மணிக்குள் கோயிலுக்கு வந்துவிடக் கேட்டுக்கொள்கிறோம். அன்னதானம் காலை 11.30 முதல்." நோட்டீஸைக் கையில் வாங்குகிறவர்களில் பாதிப்பேர் தேடுவது இந்த இரண்டு வரியைத்தான். அவற்றைப் பதினைந்து சடங்குப் பெயருக்கு நடுவே புதைத்துவிடாதீர்கள்.

தட்டச்சு விஷயத்திலும் எச்சரிக்கை வேண்டும். டிடிபி கடைகளில் இன்னும் பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்களில்தான் பலர் அடிக்கிறார்கள். அச்சில் அழகாக வரும். அதே கோப்பிலிருந்து நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் "அன்னதானம்" இப்படி வந்து நிற்கும்:

```
md;djhdk;
```

ஆகவே வாசகத்தை முதலில் உங்கள் போனிலேயே யூனிகோடில் அடித்து வைத்துக்கொள்ளுங்கள். கடைக்கு அதை அனுப்புங்கள், அவர்கள் தங்கள் எழுத்துருவுக்கு மாற்றிக்கொள்ளட்டும். மாற்றும்போது எழுத்து உடையும். ப்ரூஃப் பார்க்கையில் "ஸ்ரீ", "க்ஷ", கொம்பும் காலும் சேர்ந்து வரும் "கொ, கோ, கௌ" இந்த எழுத்துகளைத் தனியாகத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் உடையும். ப்ரூஃபை இரண்டு பேர் பார்க்க வேண்டும்: ஒருவர் நேரம், தேதி, கிழமை மட்டும், மற்றவர் பெயர்களையும் முதலெழுத்துகளையும் மட்டும். ஒரே ஆள் இரண்டையும் பார்த்தால், உபயதாரர் பெயரில் தப்பு வந்துவிடுமோ என்ற பயத்திலேயே கண் முழுக்க அங்கே போய்விடும். 8.2.2026க்கு நேரே சனிக்கிழமை என்று இருந்தாலும் கண்ணில் படாது.

வாட்ஸ்அப்புக்கு வருவோம். எல்லாரும் செய்வது, நோட்டீஸைப் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டுவிட்டு "அனைவரும் வருக" என்று எழுதுவது. போட்டோ போடுவதில் தப்பில்லை, அதைப் பார்த்தால்தான் விழாக் களை வரும். ஆனால் அந்தப் படத்தில் நேரம் படிக்க வேண்டுமானால் விரலால் பெரிதாக்கி, அங்கும் இங்கும் நகர்த்திப் பார்க்க வேண்டும். நாலு நாள் கழித்துத் தேடினாலும் கிடைக்காது, ஏனென்றால் படத்துக்குள் இருக்கிற எழுத்தைக் குழுவின் தேடலில் பிடிக்க முடியாது. படத்தோடு எழுத்திலும் ஒரு செய்தி கட்டாயம் போக வேண்டும். மாதிரிக்கு:

```
*முத்துமாரியம்மன் கோயில் கும்பாபிஷேகம்*
*8.2.2026 ஞாயிறு – காலை 8.30க்குள் வந்துவிடுங்கள்*
வடக்குத் தெரு (பெரிய தண்ணீர்த் தொட்டி அருகில்)

கலசத்துக்குத் தீர்த்தம்: காலை 9.15 – 10.00
அன்னதானம்: காலை 11.30 முதல்
அம்மன் வீதியுலா: மாலை 6.30

தீர்த்தக்குடம்: 6.2.2026 வெள்ளி காலை 7.00, பிள்ளையார் கோயில்
மருந்து சாற்றுதல்: 7.2.2026 சனி இரவு 1.00 (விடிந்தால் ஞாயிறு)

யாகசாலை நேரங்கள் முழுதும் நோட்டீஸ் படத்தில் உள்ளன.
– விழாக் குழு, 30.1.2026
```

நட்சத்திரக் குறிகளுக்குள் இருப்பது தடித்த எழுத்தாக வரும். முதல் இரண்டு வரிக்கு மட்டும் போடுங்கள், எல்லா வரிக்கும் போட்டால் எதுவும் எடுப்பாகத் தெரியாது. செய்தி நீண்டால் பின்பகுதியை வாட்ஸ்அப் மடித்து மறைத்துவிடும், தட்டினால்தான் விரியும். பலர் தட்டுவதில்லை. ஆகவே கோயில், நாள், வர வேண்டிய நேரம் இந்த மூன்றும் முதல் இரண்டு வரியிலேயே முடிந்துவிட வேண்டும். "நிகழும் மங்களகரமான" என்று தொடங்கினால் அந்த இடம் அதற்கே போய்விடும். பஞ்சாங்க வரி படத்தில் இருக்கிறது, இங்கே இல்லாததால் அம்மனுக்கு மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. குழுவில் ஒரு பெரியவர் கட்டாயம் கேட்பார், அவருக்கு இதையே சொல்லுங்கள்.

இந்தச் செய்தியில் "இன்று", "நாளை", "வருகிற ஞாயிறு" எதுவும் இல்லை, கவனித்தீர்களா? குழுவில் போடுகிற செய்தி குழுவோடு நிற்காது. திருப்பூரில் இருக்கிற மச்சான் இரண்டு நாள் கழித்து இன்னொரு குழுவுக்கு அனுப்புவார். "நாளை காலை 7 மணிக்குத் தீர்த்தக்குடம்" என்பது அங்கே போய்ச் சேரும்போது தப்பான நாளைக் காட்டும். தேதியும் கிழமையும் இரண்டுமே இருக்க வேண்டும், ஒன்று தப்பாகிப்போனாலும் மற்றது காட்டிக்கொடுத்துவிடும். அதே காரணத்துக்காகத்தான் "வடக்குத் தெரு" என்றும், அடியில் எழுதிய தேதியும். உங்கள் ஊரில் எது எந்த மாரியம்மன் கோயில் என்று உங்களுக்குத் தெரியும். பக்கத்து ஊர்க் குழுவில் இதைப் பார்க்கிறவருக்கு அவர் ஊர் மாரியம்மன்தான் நினைவுக்கு வருவாள்.

தீர்த்தக்குடத்துக்கு விவரம் நிறைய இருந்தால் (மஞ்சள் சேலையா, குடம் யார் தருவது, குழந்தைகள் வரலாமா) அதைத் தனிச் செய்தியாகப் பெண்கள் குழுவில் போடுங்கள். ஒரு செய்தியில் ஒரு வேலைக்கான விவரம் இருந்தால் போதும். நன்கொடை கேட்பதையும் இதோடு சேர்க்காதீர்கள். பணம் அனுப்பும் எண் இருக்கிற செய்தியைப் பலர் மற்ற குழுக்களுக்கு அனுப்பத் தயங்குவார்கள், அதோடு நேரமும் பரவாமல் நின்றுவிடும்.

அடுத்தது மைக். இங்கேதான் உண்மையான வேலை. நோட்டீஸைப் படிக்கிறவர் திரும்பவும் படிக்கலாம், வாட்ஸ்அப்பில் மேலே ஓட்டிப் பார்க்கலாம். ஆட்டோ தெருவைக் கடக்கும்போது, அடுப்படியில் நிற்கிற அம்மாவுக்குத் தெளிவாகக் கேட்பது ஏறக்குறைய அரை நிமிடம்தான். அந்த அரை நிமிடம் அறிவிப்பின் எந்த இடத்தில் தொடங்கும் என்பதும் உங்கள் கையில் இல்லை. ஆகவே ஒரு சுற்று முப்பது விநாடிக்குள் முடிந்து, உடனே மறுபடி தொடங்க வேண்டும். எங்கே காதில் விழுந்தாலும் கோயிலும் கிழமையும் நேரமும் பிடிபட வேண்டும்.

நேரத்தை எழுதிக் கொடுக்கும்போது எண்ணில் எழுதாதீர்கள், வாயால் சொல்வது போலவே எழுத்தில் எழுதிக் கொடுங்கள். "9.15" என்று கொடுத்தால் ஒருவர் "ஒன்பது பதினைந்து" என்பார், இன்னொருவர் "ஒன்பது புள்ளி ஒன்று ஐந்து" என்றுகூடப் படிப்பார். "ஒன்பதே கால்" என்று எழுதிவிடுங்கள். இன்னொரு வில்லங்கம், "எட்டரை"யும் "ஏழரை"யும் இரைச்சலில் ஒரே மாதிரிதான் கேட்கும். அதற்கு நேரத்தை இரண்டு விதமாகச் சொல்லிவிடலாம்: "எட்டரை மணி, அதாவது ஒன்பது மணிக்கு அரை மணி நேரம் முன்னாடியே". எழுத்தில் படித்தால் வளவளவென்று இருக்கும், காதில் விழும்போது அதுதான் காப்பாற்றும்.

வெள்ளிக்கிழமை வரை ஓட வேண்டிய வாசகம் இப்படி இருக்கலாம்:

"ஓம் சக்தி! வடக்குத் தெரு முத்துமாரியம்மன் கோயில் கும்பாபிஷேகம், வருகிற ஞாயிற்றுக்கிழமை! ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணி, அதாவது ஒன்பது மணிக்கு அரை மணி நேரம் முன்னாடியே, எல்லாரும் கோயிலுக்கு வந்துடுங்க. ஒன்பதே காலுக்கு மேல கலசத்துக்குத் தீர்த்தம். பதினொன்றரைக்கு அன்னதானம். வடக்குத் தெரு முத்துமாரியம்மன் கோயில், ஞாயிற்றுக்கிழமை காலை, எல்லாரும் வாங்க!"

"மேற்கண்ட", "கீழ்க்காணும்" மாதிரிச் சொற்கள் இதில் வரவே கூடாது, காதுக்கு மேலும் கீழும் கிடையாது. உபயதாரர் பெயர், போன் எண், யாகசாலைக் காலங்கள் எதுவும் இல்லை. ஒரு பெயரைச் சொன்னால் இருபது பெயரைச் சொல்ல வேண்டியிருக்கும், அப்புறம் ஆட்டோ தெருமுனை தாண்டிய பிறகுதான் நேரம் வரும். "வந்துடுங்க", "முன்னாடியே" என்று பேச்சு நடையில் இருப்பதைப் பார்த்துத் தயங்க வேண்டாம். மைக்கில் எழுத்து நடை நீளும், மூச்சு முட்டும். ஆனால் கோயில் பெயரை மட்டும் முழுதாக, நிறுத்திச் சொல்லச் சொல்லுங்கள்.

வாட்ஸ்அப்பில் "நாளை" கூடாது என்றேன். மைக்கில் அதற்கு நேர் எதிர். சனிக்கிழமை ஆட்டோவில் "நாளைக்குக் காலை, ஞாயிற்றுக்கிழமை" என்று சொன்னால்தான் ஆட்கள் எழுந்து வருவார்கள், "எட்டாம் தேதி" என்றால் யாரும் காலண்டரைப் பார்க்கப் போவதில்லை. இதில் ஆபத்து, இப்போதெல்லாம் யாரும் நேரில் பேசுவதில்லை, குரலைப் பதிவு செய்து திரும்பத் திரும்ப ஓட விடுகிறார்கள். சனிக்கிழமைக்குப் பதிவு செய்ததை வெள்ளிக்கிழமை தெரியாமல் ஓட்டிவிட்டால் ஊரே ஒரு நாள் முன்னதாகக் கிளம்பிவிடும். இரண்டு பதிவு செய்து, கோப்பின் பெயரிலேயே கிழமையைப் போட்டுக் கொடுங்கள்: "வெள்ளி வரை", "சனி மட்டும்". ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும் என்பதும், இரவு 10 முதல் காலை 6 வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது என்பது பொதுவான விதி என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சனி இரவு மருந்து சாற்றும்போது மைக் கிடையாது என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். அந்த நிகழ்ச்சிக்கு வாட்ஸ்அப்பும் நோட்டீஸும்தான்.

கடைசியாக, நேரம் மாறினால் என்ன செய்வது. நோட்டீஸ் கொடுத்து முடித்த பிறகு அன்னதானத்தைப் பன்னிரண்டு மணிக்கு மாற்ற வேண்டி வரலாம். வாட்ஸ்அப்பில் பழைய செய்தியைத் திருத்தப் பார்க்காதீர்கள். அனுப்பி 15 நிமிடம் வரைதான் திருத்த முடியும், அதற்குள்ளேயே திருத்தினாலும் மற்ற குழுக்களுக்குப் போன பிரதிகள் மாறாது. "*மாற்றம்: அன்னதானம் 12.00 மணிக்கு (8.2.2026 ஞாயிறு, வடக்குத் தெரு முத்துமாரியம்மன் கோயில்)*" என்று புதிதாகப் போடுங்கள். பழைய நேரத்தையும் சேர்த்து, "11.30க்குப் பதில் 12.00" என்று எழுதலாம். படிக்கிறவர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். மைக்கில் இது எடுபடாது. "பதினொன்றரைக்கு இருந்த அன்னதானம் பன்னிரண்டு மணிக்கு மாற்றப்பட்டுள்ளது" என்றால், பாதியில் கேட்டவர் காதில் பதினொன்றரைதான் தங்கும். அங்கே பழைய நேரத்தை வாயில் எடுக்கவே வேண்டாம்: "அன்னதானம் பன்னிரண்டு மணிக்கு, மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு". மீதமிருக்கிற நோட்டீஸ்களில் அந்த வரியின் மேல் சின்னச் சீட்டை ஒட்டுங்கள், கோயில் வாசலில் கையெழுத்தில் ஒரு பெரிய அட்டை கட்டுங்கள். ஏற்கெனவே வீடுகளுக்குப் போன நோட்டீஸ்களைத் திரும்ப வாங்கப் போக வேண்டாம். அவை பழைய நேரத்தோடேயே பூஜை அறையில் இருக்கட்டும்.

கும்பாபிஷேகம் முடிந்த மறுநாள், பிப்ரவரி 9 அன்று மண்டல பூஜை தொடங்கும். 48 நாள் கணக்குப் போட்டால் மார்ச் 28, சனிக்கிழமை நிறைவு. இதை நோட்டீஸின் கடைசி வரியில் போட்டிருப்பீர்கள், ஆனால் அதற்குள் ஊர் மறந்திருக்கும். மண்டலாபிஷேகத்துக்கு நாலு நாள் இருக்கும்போது குழுவில் தனியாக ஒரு செய்தி போட்டால் போதும், ஆட்டோ தேவைப்படாது.